வெற்றிலை பாக்கோடு ஒரு பொம்மை: கொலுக் கடைப் பட்டியல் எழுதும் முறை

கொலுப் பொம்மை விற்கும் கடையின் பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு. தசாவதாரம், அஷ்டலட்சுமி, கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று படியில் வைக்கும் பொம்மைகளுக்கானது முதல் பகுதி. கொலுப் பார்க்க வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் சிறு பொருள்களுக்கானது இரண்டாவது. முதல் பகுதியை எழுதுவது அவ்வளவு கடினமில்லை. படம் நன்றாக இருந்து, உயரமும் விலையும் சரியாக இருந்தால் வாங்குபவர் முடிவு செய்துவிடுவார், ஏனென்றால் பொம்மை அவர் வீட்டுக்குத்தான் போகிறது. இரண்டாவது பகுதியில் வாங்குபவர் ஒருவர், எடுத்துக்கொண்டு போகிறவர் வேறொருவர். வாங்குவதும் ஒன்றல்ல, முப்பதோ ஐம்பதோ. பெரும்பாலான கடைகள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, இரண்டு பகுதிக்கும் ஒரே நடையில் ‘கண்கவர்’, ‘எழில்மிகு’ என்று எழுதி வைக்கின்றன.

இந்தக் கொடுக்கல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரியும். மகாளய அமாவாசையன்று படி கட்டிப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். மறுநாள் பிரதமையிலிருந்து ஒன்பது நாளும் மாலை வேளைகளில் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மஞ்சள் குங்குமத்துக்குப் போய் வருகிறார்கள். வந்தவர் பாடுவார், சுண்டல் சாப்பிடுவார், கிளம்பும்போது தாம்பூலம் வாங்கிக்கொள்வார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம் அல்லது தேங்காய், கொஞ்சம் தட்சிணை ஆகியவை தாம்பூலத்தின் அடிப்படை. இதோடு ரவிக்கைத் துணியோ, சீப்பும் சிறு கண்ணாடியுமோ, குங்குமச் சிமிழோ வைப்பது பழைய வழக்கம். உடன் வரும் சிறுமிகளுக்கு வளையல், பொட்டு, பாவாடைத் துணி கொடுப்பார்கள். இப்போது அந்த இடத்தில் பலவிதமான சிறு பொருள்கள் வந்துவிட்டன. ரிட்டர்ன் கிஃப்ட் என்று கடைகள் சொல்வது இதைத்தான்.

ஆகவே பரிசாகக் கொடுக்கும் பொம்மை தனியாகப் போவதில்லை. தாம்பூலப் பையில், தேங்காயோடும் வாழைப்பழத்தோடும், சில சமயம் சுண்டல் டப்பாவோடும் போகிறது. வாங்கியவர் அதோடு நேராக வீட்டுக்குப் போவதும் அபூர்வம். அதே மாலையில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போவார், ஸ்கூட்டரில் பையை முன்னால் மாட்டிக்கொண்டு. வீட்டில் பையைத் திறக்கும்போது பொம்மையின் மூக்கோ கையோ உடைந்திருந்தால், காரணம் பெரும்பாலும் தேங்காய்தான். அரைக் கிலோ எடையுள்ள தேங்காய் களிமண் பொம்மையின்மேல் நான்கு தடவை மோதினால் அது தாங்காது. பட்டியல் எழுதுபவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இந்தப் பயணத்தை. பொம்மை தனிப் பெட்டியில் வருகிறதா, அந்தப் பெட்டி சாதாரணத் தாம்பூலப் பைக்குள் நுழையுமா என்ற இரண்டு விவரமும் எந்த வர்ணனைக்கும் முன்னால் வர வேண்டும். ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரமான எதையும் ‘விருந்தினர் பரிசு’ பகுதியில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பைக்கு வெளியே தலை நீட்டும் பொம்மையைத் தெருவில் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் பிடிப்பதில்லை.

அடுத்தது, என்ன பொம்மை என்பது. கொலு வைக்கும் வீட்டுப் பெண்ணுக்குச் சிறு பொம்மை கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆண்டுதோறும் புதிதாக ஒரு பொம்மையாவது சேர்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. படியில் இடமில்லாவிட்டாலும், படிக்குக் கீழே தரையில் போடும் பூங்காவிலோ கிராமக் காட்சியிலோ ஒரு கிளியையோ காய்கறிக்காரியையோ வைத்துவிடலாம். கொலு வைக்காத வீட்டில் அதே பொம்மை அலமாரியில் தூசி வாங்கும். வருபவர்களில் பாதிப் பேர் கொலு வைக்காதவர்கள் என்றால், மரச் சிமிழ், சிறு அகல், ஒற்றைக் கோலப் பலகை போன்ற புழங்கும் பொருளே பொருத்தம். ‘கொலு வைப்பவர்களுக்கு’, ‘எல்லா வீட்டுக்கும்’ என்று பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டால், வாங்குபவர் இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். இந்த எளிய பிரிப்பை ஏனோ பல கடைகள் செய்வதில்லை.

தெய்வ உருவங்களில் இன்னும் கவனம் தேவை. படியில் வைக்க அம்மன் பொம்மை வாங்குவது வேறு. முப்பது பேருக்குக் கேட்காமலே அம்மன் சிலையைக் கையில் கொடுப்பது வேறு. பூஜையறையில் ஏற்கெனவே இடமில்லாதவர் அதை என்ன செய்வது என்று தவிப்பார். தூக்கி எறியவும் மனம் வராது, உடைந்துபோனால் மனசும் சங்கடப்படும். சாமி படம் அச்சிட்ட தாம்பூலப் பைகளைப் பற்றியும் இதே குறை கேட்கிறது. காய்கறி வாங்கப் பயன்படுத்தவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது. விருந்தினர் பகுதியில் யானை, கிளி, மயில், பசுவும் கன்றும், செட்டியாரும் ஆச்சியும், வாத்தியக்காரர்கள் போன்ற உருவங்களை முன்னால் வைப்பதும், பைக்குத் தாமரை அல்லது கோலம் அச்சிட்டதைப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

பொருள் என்ன என்பதில்தான் பட்டியல்கள் அதிகமாக நழுவுகின்றன. சந்தையில் இருப்பவை சுட்ட களிமண், காகிதக் கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மார்பிள் பவுடரில் வார்த்தவை, ஃபைபர், மரம். மதுரைக்கு அருகே விளாச்சேரியும் கடலூர் மாவட்டப் பண்ருட்டியும் காஞ்சிபுரமும் பொம்மை செய்வதற்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து வருபவற்றிலும் எல்லாம் ஒரே பொருளில் செய்தவை அல்ல. வர்ணம் பூசிய பிறகு முன்பக்கம் பார்த்தால் களிமண்ணுக்கும் பிளாஸ்டருக்கும் வேறுபாடு தெரியாது. அடிப்பாகத்தைத் திருப்பினால் தெரியும். சுட்ட களிமண் செங்கல் நிறமாக இருக்கும், விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பிளாஸ்டர் சுண்ணாம்புபோல வெண்மையாக இருக்கும், நகத்தால் கீறினால் மாவு உதிரும், ஒலி மந்தமாக வரும். காகிதக் கூழ் பொம்மை கையில் எடுத்ததுமே அதன் எடைக்குறைவால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தாம்பூலப் பைக்கு மிகவும் ஏற்றதும் அதுதான். இடித்தால் நசுங்கலாம், ஆனால் சில்லுச் சில்லாக உடையாது. தண்ணீர் பட்டால் மட்டும் ஊறிக் கெட்டுவிடும் என்பதால் ஈரமான வெற்றிலையோடும் பூவோடும் ஒட்டி வைக்கக் கூடாது. இந்த ஒரு எச்சரிக்கையை அச்சிட்டால் கடைக்கு வரும் புகார்கள் பாதியாகிவிடும். பட்டியலில் முன்பக்கப் படத்தோடு அடிப்பாகத்தின் படத்தையும் போடும் கடையை நம்பி வாங்கலாம்.

மரப்பாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜா ராணி என்று அழைக்கப்படும் இந்த ஜோடியைத் திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. அவள் தன் வீட்டில் முதல் கொலு வைப்பது இந்த ஜோடியோடுதான். அந்த மதிப்பால் சிறிய மரப்பாச்சியை விருந்தினருக்குக் கொடுக்கப் பலர் விரும்புகிறார்கள். பழைய மரப்பாச்சிகள் செம்மரத்திலோ கருங்காலியிலோ செதுக்கப்பட்டவை. இன்று செம்மரம் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மரம். சில நூறு ரூபாய்க்குள் ஜோடியாகக் கிடைப்பதில் பெரும்பகுதி வேறு மரத்தில் கடைந்து செஞ்சாயம் ஏற்றியது. அதை வாங்குவதில் தவறொன்றும் இல்லை, ‘அசல் செம்மரம்’ என்று எழுதுவதுதான் தவறு. வாங்கியவர் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. செம்மரம் தண்ணீரைவிடக் கனமானது, போட்டால் மூழ்கும். சாதாரண மரம் மிதக்கும். ஈரத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டிக்கொண்டால் அது வெளியே பூசியது. ‘சாயமேற்றிய மரத்தில் செய்த மரப்பாச்சி’ என்று பட்டியலிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் ஏமாற்றமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் கடைகளுக்கு இது இன்னும் முக்கியம். செம்மரப் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால், விளம்பரத்துக்காக எழுதிய ஒரு சொல்லே பொட்டலம் சுங்கத்தில் நின்றுபோகக் காரணமாகலாம். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும்போது வைக்கோல் வைத்துப் பொட்டலம் கட்டவும் கூடாது, அங்கே அதற்குத் தடை உண்டு.

ஊர்ப் பெயரையும் இப்படித்தான் பார்த்து எழுத வேண்டும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கும் கர்நாடகத்தின் சன்னபட்னா மரப் பொம்மைக்கும் ஆந்திரத்தின் கொண்டபள்ளி பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ வார்த்த தலையாட்டியை ‘தஞ்சாவூர்’ என்று விற்க முடியாது. தலையாட்டி பொம்மை விருந்தினர் பரிசுக்கு அழகானது, ஆனால் சிக்கலும் உண்டு. தலை, உடல், பாவாடை, பீடம் என்று தனித்தனிப் பாகங்களாக இருந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்பி முனையில் நிற்பது அது. பூட்டிய நிலையில் பைக்குள் போட்டால் வளைந்துவிடும். பாகங்களைப் பிரித்துப் பெட்டியில் வைத்து, எப்படிப் பூட்டுவது என்று ஒரு சிறு படத்தையும் உள்ளே போட வேண்டும்.

இனி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பட்டியல் வரி எப்படி மாற வேண்டும் என்று பார்க்கலாம். படியின் அடியில் அரிசி, பருப்புக் குவியல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் ஆச்சியும்தான் அந்தப் பொருள். மூன்று அங்குல அளவில் பரிசுக்கு விற்கிறார்கள். வழக்கமான பட்டியலில் இப்படி இருக்கும்: ‘பாரம்பரியம் மிக்க அழகிய செட்டியார் பொம்மை. உங்கள் விருந்தினரை மகிழ்விக்கும் மறக்க முடியாத பரிசு. விலை ரூ. 120. ஐம்பது பீஸுக்கு மேல் சலுகை உண்டு.’

இதைப் படிப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. 120 ரூபாய் செட்டியாருக்கு மட்டுமா, ஜோடிக்கா? ஐம்பது பீஸ் என்றால் ஐம்பது ஜோடியா, ஐம்பது உருவமா? கொலுக் கடைகளில் ஆண்டுதோறும் வரும் சண்டை இது. ஐம்பது பேருக்கு என்று நினைத்துப் பணம் கட்டியவருக்கு இருபத்தைந்து ஜோடி வந்து இறங்கும், அதுவும் நவராத்திரி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது. சலுகை எவ்வளவு என்பதும் இல்லை, பொருள் என்ன என்பதும் இல்லை.

திருத்தி எழுதினால் இப்படி வரும்: ‘செட்டியார், ஆச்சி ஜோடி. விலை ஒரு ஜோடிக்கு (2 பொம்மைகள்) ரூ. 120, 50 ஜோடியும் அதற்கு மேலும் வாங்கினால் ஜோடி ரூ. 105, வரிகள் உட்பட. சுட்ட களிமண், கையால் பூசிய வர்ணம். முகமும் புடவை நிறமும் ஜோடிக்கு ஜோடி சற்று மாறும். உயரம் 3 அங்குலம், ஜோடியின் எடை சுமார் 180 கிராம். இரண்டும் தடுப்பு வைத்த அட்டைப் பெட்டியில் வரும். பெட்டியின் நீளம் 6, அகலம் 4, உயரம் 4 அங்குலம். 7 அங்குல அகலமுள்ள தாம்பூலப் பையில் அடங்கும். தேங்காய் வைப்பதானால் தேங்காயை அடியிலும் பெட்டியை மேலேயும் வைக்கவும். ஈரத்தில் வைக்க வேண்டாம். அலங்காரப் பொருள், குழந்தைகள் விளையாடுவதற்கு அல்ல.’

இங்கே உள்ள எடையும் விலையும் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. கடைக்காரர் தன் சரக்கை நிறுத்தும் அளந்தும் எழுத வேண்டும். இந்த வரிகளில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குபவர் கடைக்குத் தொலைபேசியில் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. படத்தில் ஜோடியைத் தாம்பூலத் தட்டில் இரண்டு வெற்றிலைக்கும் ஒரு மஞ்சளுக்கும் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூன்று அங்குலம் எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் பொம்மை ஒன்றரை அடிபோலத் தோன்றும்.

‘விளையாடுவதற்கு அல்ல’ என்ற வரிக்குக் காரணம் உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவர்கள் செய்பவற்றுக்கும் விலக்கு உண்டு. அலங்காரத்துக்கான பொம்மையை ‘குட்டீஸ்களுக்கு ஏற்றது’ என்று விளம்பரம் செய்வது தேவையில்லாத வம்பு. சிறுமிகளுக்குக் கொடுக்கச் சொப்புச் சாமான் விற்பதானால், விளையாட்டுப் பொருளுக்கு உரிய முத்திரை இருக்க வேண்டும், அல்லது விலக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் சிறு துண்டுகள் உள்ளன என்பதையும் எழுத வேண்டும். பெட்டியில் அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் பெயர் முகவரி, எண்ணிக்கை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இணையத்தில் விற்றால் எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்ட வேண்டும்.

எத்தனை வாங்குவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பட்டியலின் கடைசி உதவி. ஒரு குடும்பம் 28 வீடுகளை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில வீடுகளில் மாமியார், மருமகள் இருவரும் வருவார்கள், ஆகவே பெண்கள் 34 பேர். சிறுமிகள் 6 பேருக்குத் தனியாக வளையல் வாங்கியாகிவிட்டது. வீட்டு வேலைக்கு வருபவர், பூக்காரம்மா, அழைக்காமல் எதிர்வீட்டோடு சேர்ந்து வரும் விருந்தாளி என்று இன்னும் 6. உடைசலுக்கும் மறந்துபோனவர்களுக்குமாக 5. மொத்தம் 45 ஜோடி. 45 ஜோடி 120 ரூபாய் வீதம் 5,400 ரூபாய் ஆகிறது. அதே பொருளை 50 ஜோடியாக 105 வீதம் வாங்கினால் 5,250. ஐந்து ஜோடி கூடுதலாகக் கிடைத்து, 150 ரூபாய் மிச்சம். ‘43 ஜோடிக்கு மேல் தேவைப்பட்டால் 50 வாங்குவதே மலிவு’ என்று கடைக்காரரே எழுதிவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் அங்கேதான் வருவார். (44 ஜோடியின் விலை 5,280, 43 ஜோடியின் விலை 5,160 என்பதால் எல்லைக்கோடு அங்கே விழுகிறது.) ஐம்பது ஜோடியின் எடை ஒன்பது கிலோ, பெட்டிகளோடு அதற்கும் மேல். கூரியர் கட்டணத்தை இதை வைத்துக் கணக்கிட்டு முன்னாலேயே சொல்ல வேண்டும். கடைசியில் சேர்க்கும் கட்டணம் மிச்சமான 150 ரூபாயை விழுங்கிவிடும்.

நாள் கணக்கும் உண்டு. படிப் பொம்மையை அமாவாசைக்குள் வாங்கிவிடுவார்கள். பரிசுப் பொருளை யாரை அழைப்பது என்று முடிவான பிறகே யோசிப்பார்கள், பெரும்பாலும் கடைசி வாரத்தில். பொம்மை செய்பவரிடம் அப்போது சரக்கு இருக்காது. புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டால் வர்ணமும் சீக்கிரம் காயாது. ஈரம் போகாமல் பெட்டியில் அடைத்த பொம்மை காகிதத்தில் ஒட்டிக்கொண்டு முகம் உரிந்து வரும். ‘அமாவாசைக்கு 15 நாள் முன்பு வரை வரும் ஆர்டர்கள் மட்டும்’ என்று தேதி போட்டு எழுதும் கடை, ‘விரைவில் டெலிவரி’ என்று எழுதும் கடையைவிட நம்பத்தக்கது. உடைந்து வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி வேண்டும்: எத்தனை மணி நேரத்துக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாற்றுப் பொம்மை வருமா, பணம் திரும்புமா என்பது. நவராத்திரி நடுவில் மாற்றுப் பொம்மை வந்து சேர்வது நடக்காத காரியம், பணம் திருப்பித் தருவதே நேர்மை. ஐம்பது வாங்க நினைப்பவர் ஆவணியிலேயே ஒரே ஒரு ஜோடியை வரவழைத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, தேங்காயோடு ஒரு பையில் போட்டு அரை நாள் சுமந்து பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டுவது நல்லது.